இலையடியில் ஆரஞ்சுத் தூள்: இலங்கைக் காப்பித் தோட்டங்கள், 1869–1881

1869ஆம் ஆண்டு நடுவில், இலங்கையின் கிழக்கு மலைச்சரிவில் உள்ள மடூல்சீமையில், ஒரு தோட்டத்துக் காப்பிச் செடிகளின் இலைகளில் இதுவரை யாரும் பார்க்காத புள்ளிகள் தென்பட்டன. இலையைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறத் தூள். சில இலைகள் பேராதனைத் தாவரவியல் தோட்டத்துக்குப் போயின. அங்கே இயக்குநராக இருந்த ஜி.எச்.கே. துவைட்ஸ், அது ஒரு பூஞ்சை என்று கண்டு, மாதிரியை இங்கிலாந்தில் இருந்த பூஞ்சையியலாளர் மைல்ஸ் ஜோசப் பெர்க்லிக்கு அனுப்பினார். அதே ஆண்டு நவம்பரிலேயே பெர்க்லி அதை விவரித்து, ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரும் வைத்து அச்சில் கொண்டுவந்துவிட்டார். கப்பலில் கடிதம் போய்வந்த காலத்துக்கு இது நல்ல வேகம்.

ஆக, இன்று காப்பித் துரு என்று சொல்கிற இந்த நோய் எது என்பது சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது. அடையாளமும் சிக்கலானதல்ல, படிக்காதவரும் கண்டுபிடிக்கக்கூடியது. அப்படியிருந்தும், அந்தத் தூள் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக இலைக்குள் போகிறது, கண்ணில் படும்போது நோய்க்கு எத்தனை நாள் வயது என்பதெல்லாம் உறுதியாகத் தெரிய 1881 வரை ஆனது. அதற்குள் உலகின் பெரிய காப்பி நாடுகளில் ஒன்றாக இருந்த இலங்கையின் காப்பி சரிந்துகொண்டிருந்தது. 1870இல் ஏற்றுமதி சுமார் 10 கோடி பவுண்டு. 1889 வாக்கில் அது 50 லட்சம் பவுண்டு அளவுக்கு வந்துவிட்டது.

இந்தப் பழைய கதையை நான் எடுப்பதற்குக் காரணம் உண்டு. கீழ்ப்பழனி மலையின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமோ ஏற்காட்டிலோ இன்றைக்கும் ஒவ்வொரு பருவத்திலும் இதே தூள் வருகிறது. அதைப் பார்க்கிறவர்களில் பலர் 1870களின் தோட்டத்துரைமார் படித்த மாதிரியேதான் அதைப் படிக்கிறார்கள்: தூள் தெரிந்த அன்றைக்குத்தான் நோய் வந்தது என்று.

இலையில் என்ன தெரியும்

முதலில் அடையாளத்தை நிதானமாகப் பார்த்துவிடுவோம். செடியின் கீழ்க்கிளைகளில், உட்புறமாக, நிழலும் ஈரமும் தங்குகிற இடத்தில் தொடங்க வேண்டும். காப்பி இலைகள் ஜோடி ஜோடியாக வரும். கிளை நுனியில் இருக்கும் புது ஜோடியில் தேடிப் பயனில்லை. அந்த இலை விரிந்தே சில வாரம்தான் ஆகியிருக்கும். அங்கிருந்து உள்நோக்கி மூன்றாவது, நான்காவது ஜோடியையும் அதற்குப் பின்னால் உள்ளதையும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

இலையின் மேல்பக்கத்தில் முதலில் ஒரு வெளிறிய மஞ்சள் திட்டுதான் தெரியும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம். ஓரம் தெளிவாக இருக்காது. எண்ணெய் பட்ட காகிதத்தில் கறை பரவியதுபோல மங்கலாக இருக்கும். இலையை வானத்தை நோக்கிப் பிடித்தால் அந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளிச்சத்தை விடும். நேரே பார்த்தால் தவறவிட்டுவிடலாம். தண்ணீர் வடிந்து தங்கும் இலை நுனியிலும் விளிம்பிலும் இந்தத் திட்டுகள் கூடுதலாக இருக்கும்.

அந்தத் திட்டுக்கு நேர் கீழே, இலையின் அடிப்பக்கத்தில், சில நாள் கழித்துத் தூள் வெளிப்படும். மஞ்சள் தூளில் கொஞ்சம் மிளகாய்த் தூள் கலந்தால் வருமே, அந்த நிறம். கட்டைவிரலால் தேய்த்தால் விரலில் ஒட்டும். வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்தால் ஆரஞ்சுக் கோடு விழும். திட்டு வளர்ந்து இரண்டு சென்டிமீட்டர் வரை போகும். பக்கத்துப் பக்கத்துத் திட்டுகள் சேர்ந்து பாதி இலையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு.

இன்னொன்றையும் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நல்லது. கோதுமைத் துருவில், அதுபோலப் பல துரு நோய்களில், இலைத்தோல் வெடித்து அந்த வெடிப்பிலிருந்து தூள் வரும். விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். காப்பித் துருவில் தோல் வெடிப்பதில்லை. இலைத்துளைகள் வழியாகவே, ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு சிறு பூங்கொத்துபோல, தூளாகத் தெரியும் பூஞ்சை வித்துகள் வெளியே வருகின்றன. அதனால் திட்டு முழுவதும் சீராக மாவு தூவிய மாதிரி இருக்கும். மேடு எதுவும் தட்டுப்படாது. காப்பி இலையின் துளைகள் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. தூள் அடியில் மட்டும் தெரிவதற்கு அதுதான் காரணம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1880இல் இந்த நோயை ஆராய வந்த வார்டின் சோதனையும் மருந்தடிப்பும் இதையே சுற்றித்தான் போகின்றன.

கண்ணில் பட்டும் கைவிட்டது

இவ்வளவு தெளிவான அடையாளம் இருந்தும் இலங்கையில் நடந்தது என்ன?

துரு பிடித்த செடி உடனே சாகாது. இலை உதிரும், அவ்வளவுதான். சில வாரத்தில் மழை பெய்து புதுக்கொழுந்து விட்டுப் பச்சையாகிவிடும். தோட்டத்துரை வந்து பார்க்கும்போது செடி தளதளவென்று நிற்கும். 'இலை நோய்' வந்தது, போய்விட்டது என்று எழுதிவைப்பார்கள். உண்மையில் அந்த உதிர்வின் கணக்கு அடுத்த ஆண்டில்தான் வரும். காய் முற்றும் நேரத்தில் இலை போனால், செடி கிளையில் சேர்த்துவைத்ததைக் காய்க்குக் கொடுத்துத் தீர்க்கும். கிளை நுனியிலிருந்து காயத் தொடங்கும். அடுத்த பருவம் பூக்க வேண்டிய கணுக்களே இல்லாமல் போகும். இந்த ஆண்டு நோய், அடுத்த ஆண்டு நட்டம். நடுவில் ஒரு பச்சைப்பசேல் காலம். இந்த இடைவெளியில் காரணத்தையும் விளைவையும் சேர்த்துப் பார்ப்பது யாருக்கும் எளிதல்ல.

அதற்கு மேல் விலை வேறு ஏமாற்றியது. 1870களில் உலகச் சந்தையில் காப்பி விலை ஏறியது. அந்தர் என்பது 112 பவுண்டு. ஏக்கருக்கு நாலரை அந்தர் அளவில் இருந்த விளைச்சல் பத்தாண்டில் இரண்டு அந்தர் வாக்குக்கு இறங்கியும், பண வரவு உடனே சரியவில்லை. குறைந்த விளைச்சலை ஈடுகட்ட இன்னும் காட்டை வெட்டி நட்டார்கள். 1878 வாக்கில் காப்பி நின்ற பரப்பு 2,75,000 ஏக்கர். மலைக்கு மலை ஒரே பயிர், தடுக்க இடையில் காடில்லை. காற்றில் போகும் தூளுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

இதில் உழைத்தவர்கள் யார் என்பது தமிழ் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மன்னார் வழியாக நடந்து மலையேறிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, முடிந்ததும் பலர் ஊர் திரும்பிய தமிழ்த் தொழிலாளர்கள்தான். நோய் முற்றிய நிரைக்குள் புகுந்து வெளியே வந்தால் வேட்டியிலும் கூடையிலும் இந்தத் தூள் ஒட்டும், இன்றைக்கும் அப்படித்தான். காப்பி போய்த் தேயிலை வந்த பிறகு, வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்க ஆள் தேவைப்பட்டதால், வந்து போவது குறைந்து, லயம் என்ற வரிசை வீடுகளில் நிலையாகத் தங்குவது கூடியது. மலையகத்தின் வரலாற்றுக்குள் இந்த ஆரஞ்சுத் தூளும் இருக்கிறது.

சரி, விஞ்ஞானப் பக்கம் என்ன ஆனது? இலை உதிர்வதற்கு மண் களைத்துப்போனது காரணம் என்றும், எரு போதவில்லை என்றும், பருவநிலை கெட்டது என்றும் பலவிதமாகச் சொன்னார்கள். 1870களின் கடைசியில் பேராதனையில் துணை இயக்குநராக இருந்த டேனியல் மோரிஸ், கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தார். செடியின் தண்டிலும் இலை மேலேயும் படர்ந்திருந்த மெல்லிய இழைகளையும் அவர் இந்தப் பூஞ்சையின் ஒரு கட்டமாக எண்ணினார். செடியின் மேல் வெளியே வாழ்ந்து, பிறகு இலைக்குள் போகிறது என்ற கணக்கு. அது சரியென்றால், வெளியே இருக்கும் இழையைக் கொன்றால் போதும், நோய் தீர்ந்தது. தோட்டத்துரைமாருக்கு நம்பிக்கை கொடுத்த கணக்கு இது.

வார்டின் நீர்த்துளி

1880 தொடக்கத்தில் ஹாரி மார்ஷல் வார்டு இலங்கைக்கு வந்தார். வயது 25. கேம்பிரிட்ஜில் படித்தவர், இந்த நோயை ஆராய்வதற்கென்றே அரசு இரண்டாண்டுக்கு நியமித்தது. அவர் செய்த வேலையில் எனக்குப் பிடித்தது, கேள்வியைச் சின்னதாக்கிக்கொண்டதுதான். தோட்டத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று அவர் தொடங்கவில்லை. ஒரு வித்து இலைமேல் விழுந்தால் அடுத்து என்ன ஆகிறது என்று தொடங்கினார்.

நோய் இல்லாத இலைகளின் அடிப்பக்கத்தில் நீர்த்துளி வைத்து, அதில் ஆரஞ்சுத் தூளை இட்டார். உலர்ந்த இடத்தில் வித்து முளைக்கவில்லை. துளி நிற்கும் இடத்தில் ஒரு நாளைக்குள் முளைத்தது. முளைக்குழாய் இலைப்பரப்பில் ஊர்ந்து, இலைத்துளையைக் கண்டு, அதன் வழியே உள்ளே போனது. பிறகு வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. உள்ளே இழைகள் செல்களுக்கு நடுவே பரவிக்கொண்டிருந்தன. இரண்டு வாரம் போல ஆனதும், தூள் இட்ட அதே இடத்தில் வெளிறிய திட்டு. அதற்கப்புறம், அதன் அடியில், ஆரஞ்சுத் தூள்.

எந்த இடத்தில் வைத்தாரோ அந்த இடத்தில் வந்தது. வைக்காத இடத்தில் வரவில்லை. மண், எரு, வானிலை என்ற வாதங்களுக்கெல்லாம் இது பதில். மழைக்கும் நோய்க்கும் உறவு உண்டுதான். ஆனால் மழை நோயை உண்டாக்கவில்லை, வித்து முளைக்க நீர் கொடுத்தது. தண்டில் படர்ந்த வெளி இழைகளையும் அவர் தனியே ஆராய்ந்து, அவை வேறு பூஞ்சைகளுடையவை, துருவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை என்று காட்டினார்.

இன்னொரு சோதனை. பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு, பிறகு நுண்ணோக்கியில் பார்த்தார். காற்றோடு வந்த துரு வித்துகள் அதில் ஒட்டியிருந்தன. ஒரு திட்டிலிருந்து வரும் வித்துகள் ஒன்றரை லட்சம் அளவில் இருக்கும் என்று கணக்கிட்டார். பருவக்காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் நோய் பரவுவதும் இதோடு பொருந்தியது. ஒரே பயிரை இடைவெளியில்லாமல் நட்டதையும் அவர் காரணமாகச் சுட்டினார்.

1881இல் கடைசி அறிக்கை வந்தது. தோட்டத்துரைமாருக்குத் திருப்தி இல்லை. அவர்கள் எதிர்பார்த்தது மருந்து. வார்டு கொடுத்தது விளக்கம். இலைக்குள் போய்விட்ட பூஞ்சையை வெளியே தூவும் எதனாலும் கொல்ல முடியாது, முளைக்கும் நேரத்தில், அதாவது உள்ளே போவதற்கு முன், இலையின் மேல் ஒரு காப்பு இருந்தால்தான் பயன் என்பது அந்த விளக்கத்திலேயே இருந்தது. ஆனால் அப்படி ஒரு நல்ல காப்பு அப்போது கையில் இல்லை. பிரான்சில் திராட்சைக்காக மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை மில்லார்டே வெளியிட்டது 1885இல். வார்டு 1882இலேயே ஊர் திரும்பிவிட்டார். மூன்று ஆண்டு வித்தியாசம். முன்பே கிடைத்திருந்தாலும் அந்தச் செங்குத்துச் சரிவுகளில் லட்சக்கணக்கான ஏக்கருக்கு அடியிலை நனையத் தெளித்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

தூளுக்கு எத்தனை வயது

வார்டின் நீர்த்துளிச் சோதனையிலிருந்து இன்றைக்குத் தோட்டத்தில் நிற்கிறவர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். தூள் தெரியும் நாளும் நோய் பிடித்த நாளும் ஒன்றல்ல. வெப்பநிலை 22, 23 டிகிரி வாக்கில் இருந்து, இலை இரவெல்லாம் நனைந்திருந்தால் வித்து உள்ளே போக ஒரு நாள், இரண்டு நாள் போதும். அங்கிருந்து தூள் வெளிவர மூன்று வாரத்திலிருந்து ஐந்து வாரம் ஆகும். மலையில் குளிர் கூடிய மாதங்களில் அதற்கு மேலும் இழுக்கும். ஆக, கையில் பார்க்கும் தூள் போன மாதத்து மழையின் வேலை. இன்று பெய்யும் மழையின் வேலை அடுத்த மாதம் தெரியும்.

இதை ஒரு கிளையில் வைத்துப் பார்ப்போம். கீழ்ப்பழனி மலையில் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. அக்டோபர், நவம்பர், டிசம்பர். நவம்பர் நடுவில் ஒரு கிளையைப் பிடித்து, ஐந்தாவது ஜோடியில் நன்றாகத் தூள் கட்டிய இரண்டு திட்டு, நான்காவது ஜோடியில் தூளில்லாத வெளிறிய திட்டு நாலைந்து, மூன்றாவது ஜோடி சுத்தம் என்று பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். ஐந்தாவது ஜோடியின் திட்டுகள் அக்டோபர் தொடக்க மழையில் பிடித்தவை. நான்காவது ஜோடியில் இருப்பவை அக்டோபர் கடைசியில் பிடித்தவை. இன்னும் ஒரு வாரம், பத்து நாளில் தூள் விடும். மூன்றாவது ஜோடி சுத்தமாகத் தெரிவதை நம்ப முடியாது. நவம்பர் மழையில் பிடித்தது உள்ளே இருக்கலாம், கண்ணுக்கு வர நாளிருக்கிறது.

தூள் கட்டிய இலையை மட்டும் எண்ணினால் இந்தக் கிளையில் ஒரு ஜோடிக்குத்தான் நோய். வெளிறிய திட்டையும் சேர்த்து எண்ணினால் இரண்டு ஜோடி. உண்மை அதற்கும் மேலே. ஏற்கெனவே உதிர்ந்துபோன ஆறாவது ஜோடியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் கிளையை மட்டும் பார்க்காமல், குனிந்து தரையில் கிடக்கும் இலைகளையும் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். நோயில் விழுந்த இலையின் அடியில் தூள் இன்னும் இருக்கும். வயதாகி விழுந்த இலை பெரும்பாலும் சீராக மஞ்சளாகியிருக்கும். துருவில் விழுந்தது பாதி பச்சையாக இருக்கும்போதே, திட்டோடு விழுந்திருக்கும்.

காய்ப்பு மிகுந்த ஆண்டில் இதைக் கூடுதல் கவனத்தோடு செய்ய வேண்டும். கிளை வளையக் காய் பிடித்த செடிக்குத்தான் துரு கடுமையாக வரும். பக்கத்தில் காய் குறைந்து நிற்கும் செடி அதே மழையில் ஓரளவு தப்பி நிற்கும். இதைப் பார்த்துவிட்டு அந்தச் செடி நோய் தாங்கும் வகை என்று எண்ணி அதிலிருந்து விதை எடுப்பவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு அது காய்க்கும்போது சாயம் வெளுத்துவிடும்.

தாங்கும் வகைகளையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. 1911இல் மைசூர்ப் பகுதியில் ஒரு தோட்டத்துரை தேர்ந்தெடுத்த கென்ட் வகை, கொஞ்ச காலம் துருவைத் தாங்கி, பிறகு அதற்குப் பொருந்திய புதுத் துரு இனம் வந்ததும் விழுந்தது. அதன் பிறகு பாலெஹொன்னூர் ஆய்வு நிலையம் கொடுத்த எஸ்.795 நம் மலைகளில் இன்றும் அதிகம் நிற்கிறது. அதிலும் துரு வருகிறது. காவேரி என்ற வகையை நட்டவர்களின் அனுபவமும் அதுதான். 'எங்களுடையது தாங்கும் வகை' என்ற நம்பிக்கையில் இலையைத் திருப்பாமல் விடுவதுதான் இங்கே அடிக்கடி பார்ப்பது.

துரு என்று ஏமாற்றுபவை

காப்பி இலையில் வரும் எல்லாப் புள்ளியும் துரு இல்லை. அதிகம் குழப்புவது பழுப்புக் கண் புள்ளி நோய். செர்கோஸ்போரா என்ற பூஞ்சை. நடுவில் சாம்பல் வெள்ளை, சுற்றிப் பழுப்பு வளையம், அதற்கு வெளியே மஞ்சள் விளிம்பு. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும், தேய்த்தால் ஆரஞ்சு வராது. வெயில் நேரே படும், எரு குறைந்த செடிகளில் இது கூடுதல். துருவோ நிழலுக்குள்ளும் தாராளமாக வரும். நாற்றங்காலில் புள்ளி விழுந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்று நிறத்தால் ஏமாற்றும். இலையின் மேல்பக்கத்தில் செம்பழுப்பாக, வெல்வெட் மாதிரி வட்டமாகப் படரும் ஒரு பாசி உண்டு. அதையும் சிலர் செந்துரு என்றே சொல்வார்கள். நிறம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் இருப்பது மேல்பக்கம். விரலால் தேய்த்தால் தூளாக வராது, சுரண்டினால்தான் பெயரும். நிழல் மரங்களின் பட்டையில் படரும் ஆரஞ்சுப் பாசியைப் பார்த்துவிட்டு, துரு மரத்திலிருந்து இறங்குகிறது என்று சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். மோரிஸ் வெளி இழைகளை வைத்துப் போட்ட கணக்கின் இன்றைய வடிவம் இது. காப்பித் துரு காப்பிச் செடியில்தான் வாழும். வேறு செடியில் தங்கி வருவதாக இதுவரை யாரும் காட்டவில்லை.

தூளே நிறம் மாறுவதும் உண்டு. ஆரஞ்சுத் திட்டின் மேல் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருந்தால், துருவையே தின்னும் வேறொரு பூஞ்சை ஏறியிருக்கிறது என்று பொருள். அதே பூஞ்சை பச்சைச் செதில் பூச்சியையும் பிடிக்கும். தூளுக்குள் கண்ணுக்கு லேசில் தெரியாத அளவுக்குச் சின்ன ஆரஞ்சுப் புழு நெளிந்தால் அதுவும் வித்தைத் தின்ன வந்தது. இலையைத் தின்ன வரவில்லை. அதற்கு மருந்தடிக்க வேண்டாம்.

அடிப்பக்கம் நனைய வேண்டும்

மருந்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். போர்டோ கலவை காப்பு. மேலே இருந்து தடுக்கும், உள்ளே போனதைக் கொல்லாது. ஆகவே அது மழைக்கு முன் இலையில் இருக்க வேண்டியது. நம் பக்கத்தில் செப்டம்பரில், வடகிழக்கு மழை பிடிப்பதற்கு முன். 200 லிட்டர் பீப்பாய்க்கு ஒரு கிலோ மயில்துத்தம் போட்டால் அரை சதவீதக் கலவை. மயில்துத்தத்தை இரும்புப் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது. சுண்ணாம்பை அதே எடை அளவில் தனியே நீற்றி, வடிகட்டி, மயில்துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். சுத்தமான அரிவாள் நுனியை ஒரு நிமிடம் கலவையில் வைத்து எடுங்கள். செம்பு படிந்து சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் இலை கருகும். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும்.

தெளித்தபின் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் நீலத் துளிகள் காய்ந்திருக்க வேண்டும். மேலே நீலமாகவும் அடியில் பச்சையாகவும் இருந்தால் அந்தக் கூலியும் மயில்துத்தமும் வீண். தெளிப்பான் முனையைச் செடிக்குள் விட்டு, கீழிருந்து மேலாகப் பிடிக்க வேண்டும். மேலேயிருந்து மழை மாதிரி அடிப்பது ஆளுக்குச் சுலபம். மதியத்துக்கு மேல் ஆள் களைத்ததும் எல்லாரும் அப்படித்தான் அடிக்கத் தொடங்குவார்கள். ஆகவே கூட நின்று பார்க்க வேண்டிய நேரம் மதியத்துக்கு மேல்தான்.

மழை தொடங்கி, வெளிறிய திட்டும் தூளும் தெரிந்துவிட்டால் போர்டோவை மட்டும் நம்பிப் பயனில்லை. அப்போது ஹெக்சகோனசோல் போல இலைக்குள் ஊடுருவும் மருந்துதான் வேலை செய்யும். அளவும், அறுவடைக்கு முன் விட வேண்டிய நாளும் புட்டியில் போட்டிருக்கிறபடியே. அதுவும் திட்டு இலைக்கு ஒன்றிரண்டாக இருக்கும்போது; பாதி இலை பிடித்தபின் அடித்தால், மருந்து பிடித்த இலையே அடுத்த வாரம் கீழே கிடக்கும்.

தூள் இல்லாத காலத்தில்

கடைசியாக ஒரு சிக்கல். ஜனவரி, பிப்ரவரியில் வறட்சி தொடங்கியபின் தோட்டத்துக்குப் போனால் தூள் இருக்காது. பழைய திட்டுகளின் நடுப்பகுதி பழுப்பாகக் காய்ந்து, தூள் மழையில் கழுவப்பட்டுப் போயிருக்கும். அப்போது கண் புள்ளி நோய்க்கும் துருவுக்கும் வித்தியாசம் சொல்வது கடினம். கைக்கண்ணாடியில் திட்டின் வெளி விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். துருவாக இருந்தால் காய்ந்த நடுவைச் சுற்றிய மஞ்சள் வட்டத்தில், அடிப்பக்கம், எங்காவது கொஞ்சம் ஆரஞ்சு ஒட்டியிருக்கும். அதுவும் இல்லையென்றால் காம்போடு நாலைந்து இலையைப் பறித்து, அடிப்பக்கம் மேலே தெரியும்படி மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஈரக் காகிதத்தின் மேல் வைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். காகிதம் ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் தேங்கக் கூடாது. துரு உயிரோடு இருந்தால் இரண்டு மூன்று நாளில் திட்டின் ஓரத்தில் புது ஆரஞ்சு துளிர்க்கும். வரவில்லை என்றால் அந்தத் திட்டு செத்தது என்று மட்டும் சொல்லலாம். துரு இல்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கோடை மழைக்குப் பிறகு அதே செடிகளில், கீழ்க்கிளையில், மறுபடி திருப்பிப் பார்க்க வேண்டும்.